எட்டில் எந்தக் குச்சி எரியவில்லை?

வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. டிஸ்பிளேயில் ஏதோ இரண்டு எழுத்து. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மெஷினை ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கியாயிற்று. மறுநாள் சர்வீஸ் மெக்கானிக் கேட்கும்போது அந்தப் படம் இல்லை. தானாக அழியும்படி வைத்திருந்த வாட்ஸ்அப் உரையாடலோடு போயிருக்கலாம். போனில் இடமில்லை என்று மொத்தமாக அழித்ததில் சேர்ந்து போயிருக்கலாம். மெஷினை மறுபடி போட்டால் எப்போதும் போல் நிமிடக் கணக்குதான் தெரிகிறது. மெக்கானிக் போனில் காத்திருக்கிறார். "என்ன எர்ரர் காட்டுச்சு?"

பலரும் இங்கே ஓர் எழுத்தின் பெயரைச் சொல்கிறார்கள். "டி ஈ-ன்னு நினைக்கிறேன்" என்கிறார்கள். அந்தப் பெயரில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆங்கில எழுத்துகளில் பி, சி, டி, ஈ, பி எல்லாம் போனில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் காதில் விழும். அதைவிடப் பெரிய சிக்கல், டிஸ்பிளேயில் தெரிந்த உருவத்தை எழுத்தாக மாற்றியது நம்முடைய மூளை. அந்த மாற்றத்திலேயே தவறு நேர்ந்திருந்தால் மெக்கானிக்கால் கண்டுபிடிக்க முடியாது. உருவத்தை அப்படியே சொன்னால் எழுத்து எது என்று அவர் முடிவு செய்துகொள்வார். உருவத்தைச் சொல்வது கடினமும் இல்லை. அந்த டிஸ்பிளேயில் தோன்றக்கூடிய உருவங்களே கொஞ்சம்தான்.

பெரும்பாலான வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி, மைக்ரோவேவ் அவன் ஆகியவற்றில் எண் காட்டும் இடத்தில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஏழு குச்சிகள் இருக்கின்றன. தீக்குச்சிகளால் ஓர் எட்டு அமைத்தால் எப்படியோ அப்படி: மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று படுக்கையாக மூன்று, இடப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு, வலப்பக்கம் அதே போல் இரண்டு என்று செங்குத்தாக நான்கு. ஏழும் எரிந்தால் 8. நடுக்குச்சி மட்டும் அணைந்தால் 0. மெஷினுக்குத் தெரிந்த எல்லா எண்ணும் எழுத்தும் இந்த ஏழில் எது எரிகிறது, எது எரியவில்லை என்பதில் அடங்கிவிடும்.

எண்களைக் காட்டத்தான் இந்த அமைப்பு. எழுத்துகளைக் காட்ட வேண்டியபோது வடிவமைத்தவர்கள் சில சமரசங்கள் செய்ய வேண்டியிருந்தது. பெரிய B போட்டால் அது 8 ஆகிவிடும். பெரிய D போட்டால் 0 ஆகிவிடும். அதனால் இந்த இரண்டையும் சிறிய எழுத்தாக, b, d என்றுதான் காட்டுவார்கள். S-க்கும் 5-க்கும் வேறுபாடே கிடையாது. இரண்டிலும் அணைந்திருப்பவை வலது மேல் குச்சியும் இடது கீழ் குச்சியும்தான். O-வும் பூஜ்யமும் பல மெஷின்களில் ஒன்றே. K, M, W, X போன்றவற்றை அடையாளம் தெரியும்படி இந்தக் குச்சிகளால் அமைக்கவே முடியாது. எனவே "எம் மாதிரி ஏதோ தெரிஞ்சுது" என்று ஒருவர் சொன்னால், அவர் பார்த்தது வேறு ஏதோ ஒன்று என்பது மட்டும் மெக்கானிக்குக்கு உறுதி.

ஒரே ஒரு குச்சி வேறுபாட்டில் பொருள் மாறும் ஜோடிகளும் உண்டு. C-யில் மேல் குச்சியும் இடப்பக்கம் இரண்டும் கீழ்க்குச்சியும் எரியும். அதிலிருந்து மேல் குச்சியை அணைத்தால் L. E-யில் கீழ்க்குச்சியை அணைத்தால் F. 6-இல் மேல் குச்சியை அணைத்தால் b. படம் தொலைந்த பிறகு நினைவில் தேட வேண்டியது இந்தக் குச்சிகளைத்தான்.

அதற்கு ஒரு காகிதமும் பென்சிலும் போதும். டிஸ்பிளேயில் எத்தனை இலக்கங்களுக்கு இடம் இருக்கிறதோ அத்தனை 8-களைப் பெரிதாக, கட்டம் கட்டமாக வரையுங்கள். இப்போது எழுத்தை யோசிக்காமல், எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று மட்டும் யோசியுங்கள். மேலே மூடியிருந்ததா? வலப்பக்கம் வெறுமையாக இருந்ததா? குறுக்கே கோடு போயிற்றா? எரியவில்லை என்று உறுதியாகத் தெரிந்த குச்சியை அடியுங்கள். உறுதியில்லாததன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறியை மெக்கானிக்கிடம் மறைக்கக் கூடாது. எது தெரியாது என்பதும் அவருக்குப் பயன்படும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். மதுரையில் ஒரு வீடு, எல்ஜி முன்புறக் கதவு மெஷின் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிறுவனத்தின் மெஷின்களில் dE என்றால் கதவு சரியாக மூடவில்லை அல்லது பூட்டவில்லை. OE என்றால் தண்ணீர் வெளியேறவில்லை. வீட்டுக்கார அம்மா "டி ஈ" என்கிறார். மெக்கானிக் அனுபவசாலி. அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை.

"அம்மா, எழுத்த விடுங்க. முதல்ல இருந்தது மேல மூடியிருந்துச்சா, தொறந்திருந்துச்சா?"

"மூடித்தான் இருந்துச்சு தம்பி. பொட்டி மாதிரி."

"பொட்டிக்கு நடுவுல குறுக்கே கோடு ஏதும்?"

"அது இல்ல. ரெண்டாவதா இருந்ததுலதான் நடுவுல கோடு."

"ரெண்டாவதுல வலது பக்கம்?"

"காலியா இருந்துச்சு."

இரண்டாவது E என்பது தெளிவாகிவிட்டது. வலப்பக்கக் குச்சிகள் இரண்டும் அணைந்து, நடுக்கோடு எரிவது அதற்குப் பொருந்துகிறது. முதலாவதில் சிறிய d-யாக இருந்தால் மேல் குச்சியும் இடது மேல் குச்சியும் அணைந்திருக்க வேண்டும், நடுக்குச்சி எரிந்திருக்க வேண்டும். அந்த அம்மா சொன்னது மூன்றிலும் நேர்மாறு. பெரிய எழுத்து D-யை மனத்தில் வைத்துக்கொண்டு, மூடிய பெட்டியை அவர் "டி" என்று படித்திருக்கிறார். மெஷின் காட்டியது OE.

ஆனால் மெக்கானிக் அதோடு நிறுத்திவிடவில்லை. எழுத்து ஒரு சாட்சி. அது தோன்றிய நேரமும் மெஷின் நின்ற நிலையும் இன்னொரு சாட்சி. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

"எப்ப நின்னுச்சும்மா? போட்ட உடனேயா?"

"இல்லப்பா, அரை மணி நேரத்துக்கு மேல ஓடுச்சு. கண்ணாடி வழியா பாத்தா தண்ணி அப்படியே நிக்குது."

கதவுப் பூட்டில் கோளாறு என்றால் மெஷின் பெரும்பாலும் தொடக்கத்திலேயே நின்றுவிடும்; 'டக்' என்று பூட்டும் ஓசை வராது, தண்ணீரும் ஏறாது. இங்கே துவைத்து முடித்து, அழுக்குத் தண்ணீரை வெளியேற்ற வேண்டிய கட்டத்தில் நின்றிருக்கிறது, டிரம்மில் தண்ணீர் இருக்கிறது. ஆக OE என்பது உறுதி. கதவுப் பூட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டிய மெக்கானிக், இப்போது அடியில் இருக்கும் ஃபில்டரைப் பார்க்கச் சொல்கிறார்.

அந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். சூடான சோப்புத் தண்ணீர் காலில் கொட்டினால் கொப்பளித்துவிடும். மெஷினின் முன்புறம், அடி மூலையில் ஒரு சிறிய மூடி இருக்கும். அதைத் திறந்தால் ஒரு மெல்லிய ரப்பர் குழாயும் பெரிய திருகு மூடியும் தெரியும். மெல்லிய குழாயின் அடைப்பை எடுத்து ஒரு தட்டையான பாத்திரத்தில் தண்ணீரை முதலில் வடிக்க வேண்டும். டிரம்மில் நிற்பது ஒரு பாத்திரத்தில் அடங்காது, பலமுறை வடிக்க வேண்டியிருக்கும். அது நின்ற பிறகுதான் பெரிய மூடியை இடப்பக்கமாக மெல்லத் திருக வேண்டும். உள்ளே நாணயம், ஹேர்பின், சட்டைப் பொத்தான், நூல் பந்து என்று ஏதாவது அடைத்திருக்கும். உள்ளே டார்ச் அடித்தால் பம்பின் சிறிய விசிறி தெரியும். அதைக் குச்சியால் தள்ளினால் சுற்ற வேண்டும். மூடியைத் திரும்ப இறுக்கமாகப் போடாவிட்டால் அடுத்த முறை தரையெல்லாம் தண்ணீர்.

ஃபில்டர் சுத்தமாக இருந்து, தண்ணீர் வடிக்கும் கட்டத்தில் பம்பின் உறுமல் கேட்கவே இல்லை என்றால் பம்போ அதற்குப் போகும் வயரோ கோளாறு. அது மெக்கானிக் வேலை. உறுமல் கேட்டும் தண்ணீர் போகவில்லை என்றால் பின்பக்கக் குழாய் சுவரோடு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மெஷினை நகர்த்திவைத்து வீடு துடைத்த பிறகு இது அடிக்கடி நேரும். மேல்புறம் மூடி உள்ள மெஷின்களில் பலவற்றில் பம்பே கிடையாது, ஒரு வால்வு திறந்து தண்ணீர் தானாகக் கீழே ஓடும். அவற்றில் வெளியேற்றும் குழாய் தரையோடு கிடக்க வேண்டும். வாளியின் மேலோ சிங்க்கின் மேலோ தூக்கிப் போட்டால் தண்ணீர் இறங்காது.

உருவம் கிடைத்தாலும் எந்த நிறுவனம், எந்த மாடல் என்பது இல்லாமல் பொருள் முழுமையாகாது. இதே OE உருவத்தை எடுத்துக்கொள்வோம். எல்ஜியில் தண்ணீர் போகவில்லை என்று பொருள். சாம்சங் மெஷின்களில் 0E அல்லது 0C என்பது டிரம்மில் தண்ணீர் அளவுக்கு மீறி ஏறிவிட்டது என்பதைக் குறிக்கும். தண்ணீர் போகாததற்கு அங்கே 5E அல்லது 5C. சாம்சங்கிலேயே பழைய மாடல்களில் E என்று முடிந்த பல குறிகள் பிந்தைய மாடல்களில் C என்று முடிகின்றன. மாடல் எண் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், முன்புறக் கதவு மெஷினில் கதவைத் திறந்தால் அதன் விளிம்பிலோ உடலிலோ இருக்கும். மேல்புறம் மூடி உள்ள மெஷினில் பெரும்பாலும் பின்பக்கம். படம் போனாலும் ஸ்டிக்கர் அங்கேதான் இருக்கிறது. போனில் பேசுவதற்கு முன் அதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தின் உயரத்துக்கும் சில மெஷின்களில் பொருள் உண்டு. எல்ஜியில் முதல் எழுத்து கீழ்ப் பாதியில் மட்டும் கிண்ணம் போல எரிந்து uE என்று தெரிந்தால், துணிகள் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டன, மெஷினே அவற்றைப் பரப்பிவிட முயல்கிறது என்று பொருள். ஒன்றும் செய்யாமல் விட்டால் போதும். அதே எழுத்து முழு உயரத்துக்கு எரிந்து UE என்றால் முயன்றும் முடியவில்லை, நீங்கள்தான் கதவைத் திறந்து துணியைப் பிரித்துப்போட வேண்டும். "யு ஈ" என்று மட்டும் சொன்னால் இரண்டில் எது என்று யாருக்கும் தெரியாது. "யு பாதி உயரமா, முழு உயரமா?" என்பதற்கும் பதில் தேவை.

அது மாறி மாறித் தெரிந்ததா, நிலையாக நின்றதா என்பது அடுத்தது. CL என்ற இரண்டு எழுத்தும் மீதமுள்ள நிமிடங்களும் மாறி மாறித் தெரிகின்றன என்று ஒருவர் சொன்னால், எல்ஜி மெஷினில் அது கோளாறே இல்லை. குழந்தைகள் கை வைக்காமல் இருக்கப் போட்ட பூட்டு. எந்தப் பட்டனை அழுத்தினாலும் வேலை செய்யாததைப் பார்த்து மெஷின் கெட்டுவிட்டது என்று வீட்டில் பதறுவார்கள். அதற்கான பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் பூட்டு விலகிவிடும். இப்படி மாறி மாறித் தெரிவது, போனில் எடுத்த படம் கையில் இருந்தாலும் அதில் பதிவாகாது.

படத்தை இழந்ததற்காக அதிகம் வருந்த வேண்டியதில்லை என்பதற்கு அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. பல டிஸ்பிளேக்களில் இலக்கங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. முதல் இலக்கம், அடுத்து இரண்டாவது, அடுத்து மூன்றாவது என்று மிக வேகமாக ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணைகின்றன. நம் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து எரிவது போலத் தெரியும். நல்ல வெளிச்சத்தில் போன் கேமரா மிகக் குறைந்த நேரமே திறந்து மூடுவதால் ஓர் இலக்கம் மட்டும் பளிச்சென்றும் மற்றது மங்கலாகவோ இல்லாமலோ பதிவாகும். படத்தில் E மட்டும் இருந்தது, நேரில் இரண்டு எழுத்து தெரிந்தது என்றால் நேரில் பார்த்ததைத்தான் நம்ப வேண்டும்.

எண் டிஸ்பிளே இல்லாத கருவிகளில் விளக்குகள் மட்டும்தான் பேசும். பல ஸ்பிளிட் ஏசிகளின் உள் யூனிட்டில் இரண்டோ மூன்றோ சிறிய விளக்குகள் இருக்கும். கோளாறு வந்தால் அதில் ஒன்று குறிப்பிட்ட எண்ணிக்கை மினுக்கி, சற்று நின்று, மறுபடி அதே எண்ணிக்கை மினுக்கும். இங்கே "லைட் மினுக்குது" என்றால் பாதித் தகவல்கூட இல்லை. நிற்காமல் சீராக மினுக்குவது ஒன்று. நான்கு முறை மினுக்கி, இடைவெளி விட்டு, மறுபடி நான்கு என்பது முற்றிலும் வேறு.

எண்ணும்போது நேரும் தவறு, பார்த்த கணத்திலிருந்தே எண்ணத் தொடங்குவது. ஒரு சுற்றின் நடுவில் நீங்கள் பார்க்கத் தொடங்கியிருந்தால் ஐந்துக்குப் பதில் மூன்று கிடைக்கும், அந்த மூன்றுக்கு வேறொரு கோளாறு எழுதப்பட்டிருக்கும். நீண்ட இடைவெளி வரும் வரை சும்மா பாருங்கள். அது முடிந்து வரும் முதல் மினுக்கிலிருந்து எண்ணுங்கள். இப்படி மூன்று சுற்று எண்ணி மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். பிறகு ஒரு வரி எழுதி வையுங்கள்: "பவர் விளக்கு பச்சை, நிலையாக எரிகிறது, டைமர் விளக்கு ஆரஞ்சு, 5 முறை மினுக்குகிறது, 2 வினாடி அணைகிறது, மறுபடி 5, மூன்றாவது விளக்கு எரியவே இல்லை." எரியாத விளக்கையும் சொல்ல வேண்டும். சில மாடல்களில் ஒரு விளக்கு நிலையாக எரிய இன்னொன்று மினுக்குவதும், இரண்டும் சேர்ந்து மினுக்குவதும் வெவ்வேறு குறிகள்.

படச் சின்னங்களைச் சொல்லும்போதும் பொருளைச் சொல்லாமல் வடிவத்தைச் சொல்வது நல்லது. "லாக் சிம்பல்" என்பார்கள். அது சாவியா, பூட்டா, குழந்தை முகமா? கதவு பூட்டியிருப்பதற்கு ஒன்று, பட்டன்கள் பூட்டியிருப்பதற்கு இன்னொன்று என்று இரண்டும் ஒரே மெஷினில் இருக்கலாம். குழாய் வடிவம் எரிந்தது என்றால் தண்ணீர் வரத்தைப் பார்க்கச் சொல்கிறது என்பதை மெக்கானிக் புரிந்துகொள்வார். அதை "தண்ணி லைட்" என்றால் சொட்டு வடிவமா, குழாயா, அலையா என்று அவர் மறுபடி கேட்க வேண்டியிருக்கும்.

நினைவிலிருந்து எதுவுமே தேறவில்லை என்றாலும் வழி இருக்கிறது. சில கருவிகள் கடைசிக் கோளாறைத் தமக்குள் எழுதி வைத்துக்கொள்கின்றன. டைகின் ஏசிகள் பலவற்றில் ரிமோட்டை உள் யூனிட்டை நோக்கிப் பிடித்து, டைமர் பகுதியில் உள்ள CANCEL பட்டனை 5 வினாடி அழுத்தினால் ரிமோட் திரையில் 00 மினுக்கும். அதே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் குறிகள் ஒவ்வொன்றாக மாறும். சரியான குறி வரும்போது நீண்ட பீப் ஒலி வரும். மற்றவற்றுக்குக் குறுகிய ஒலிதான். நீண்ட ஒலி U4-இல் வந்தால் உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் இடையே தகவல் போகவில்லை. U0-வில் வந்தால் கேஸ் குறைந்திருக்கலாம். இந்தத் திரையிலும் எழுத்துகள் குச்சிகளால்தான் அமைந்திருக்கும், எனவே அதே கவனம் தேவை.

வாஷிங் மெஷினில் அப்படி வீட்டார் எடுத்துப் பார்க்க வசதி இல்லையென்றால், எந்தக் கட்டத்தில் நின்றதோ அந்தக் கட்டத்தை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். தண்ணீர் வடிக்கும்போது நின்றது என்றால் துணியை எடுத்துவிட்டு ஸ்பின் மட்டும் போடுங்கள். கோளாறு இருந்தால் கொஞ்ச நேரத்தில் அதே எழுத்து திரும்ப வரும். இந்த முறை, ஆஃப் செய்வதற்கு முன் காகிதத்தில் குச்சிகளை வரைந்துகொள்ளுங்கள். ஆனால் முன்பு நின்றபோது வயர் கருகிய வாடை வந்திருந்தால், தரையில் தண்ணீர் கசிந்திருந்தால், தொட்டபோது சுர்ரென்று ஷாக் அடித்திருந்தால், டிரிப்பர் விழுந்திருந்தால் மறுபடி ஓட்டிப் பார்க்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கியபடியே விட்டுவிட்டு, இந்த நான்கில் எது நடந்தது என்பதை மெக்கானிக்கிடம் முதலில் சொல்லுங்கள். எழுத்தைப் பற்றி அவர் பிறகு கேட்டுக்கொள்வார்.